பீட்டா இறங்கும் வழி

"பிள்ளையே இல்லைன்னு சொல்லிட்டீங்க. வயித்தையும் சுத்தம் பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்கு டாக்டரம்மா வாரா வாரம் ரத்தம் எடுக்கணும்?"

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தை வெளியேற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் அன்று இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலும் கேட்பது மாமியார். சில நேரம் கணவர். அந்தப் பெண் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ரத்தப்போக்கு நின்றிருக்கும், வாந்தி நின்றிருக்கும், பசி எடுக்க ஆரம்பித்திருக்கும். நோய் போய்விட்டது என்று உடம்பே சொல்லும்போது, வாராவாரம் பஸ் ஏறி வா என்று நான் சொல்வது அவர்களுக்கு அநியாயமாகத்தான் படும். அதனால் கால்மணி நேரமானாலும் இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லிவிடுவேன். அன்றைக்கு விளக்காமல் விட்டால் மூன்றாம் வாரம் ஆளே வரமாட்டார்.

அந்தப் பதில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். வயது 24. மூன்று வயதில் ஒரு மகள். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இவர் மாமியாரோடு ஊரில். எங்கள் மருத்துவமனைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். நாள் தள்ளிப்போய் பதினோரு வாரம் என்று வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கர்ப்பப்பை நான்கு மாதப் பருமன். விடாத வாந்தி, படபடப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்த ரத்தப்போக்கு. ஸ்கேனில் கருவும் இல்லை, இதயத் துடிப்பும் இல்லை. கர்ப்பப்பை நிறையப் புள்ளி புள்ளியாக வெண்மை, நடுநடுவே சிறு கறுப்புக் குழிகள். பீட்டா எச்.சி.ஜி. 2,86,000. மில்லி லிட்டருக்கு இத்தனை மில்லி யூனிட் என்பது கணக்கு. இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். கருமுட்டையில் தாயின் மரபணுக்கள் இருக்க வேண்டிய இடம் எப்படியோ காலியாகிவிடுகிறது. அதற்குள் ஒரு விந்தணு நுழைகிறது. தன்னிடமுள்ள 23 குரோமோசோம்களையும் அது இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. கணக்குப் பார்த்தால் 46, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனையும் தகப்பனுடையவை. சில நேரம் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தும் இதே கணக்கு வரும். குழந்தை உருவாகத் தாய்வழி மரபணுக்களும் வேண்டும். தந்தைவழிப் பங்கு மட்டும் இருந்தால் நஞ்சுக்கொடித் திசுதான் கட்டுப்பாடில்லாமல் வளரும். அதன் விரல் போன்ற நீட்சிகள் நீர் கோர்த்து வெந்த ஜவ்வரிசி மாதிரி உப்பிவிடும். முத்து முத்தாக வெளிவருவதால்தான் ஊரில் அந்தப் பெயர்.

இதில் இன்னொரு வகை உண்டு. நல்ல முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்து 69 குரோமோசோம்கள் ஆகிவிடும். அது பகுதி முத்துப்பிள்ளை. கருவின் அடையாளம் கொஞ்சம் இருக்கும். ஸ்கேனில் சாதாரணக் கருச்சிதைவு போலவே தெரியும். வெளியே எடுத்த சதையைப் பாத்தாலஜிக்கு அனுப்பினால்தான் பிடிபடும். கலைந்த கரு என்று வாளியில் கொட்டிவிடும் இடங்களில் இந்த வகை யாருக்கும் தெரியாமலேயே போய்விடுகிறது.

மாமியாரிடம் இதை எல்லாம் குரோமோசோம் கணக்கோடு சொல்வதில்லை. "முட்டையில உயிர்ச்சத்து இல்லாம வந்துடுச்சும்மா. யார் தப்பும் இல்லை. பப்பாளி சாப்பிட்டதாலயும் இல்லை, வண்டியில போனதாலயும் இல்லை" என்பேன். பப்பாளியைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் மருமகள் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

வெளியேற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டு வலி வரவழைத்துக் கலைப்பதில்லை. கர்ப்பப்பை முறுக்கி அழுத்தினால் திசு ரத்தக் குழாய்களில் ஏறி நுரையீரலுக்குப் போகக்கூடும், ரத்தப்போக்கும் அதிகமாகும். உறிஞ்சிக் குழாய் வைத்துத்தான் எடுக்கிறோம், ஸ்கேன் பார்த்துக்கொண்டே. ரத்தம் தயாராக இருக்க வேண்டும். தைராய்டு பார்த்துக்கொள்ள வேண்டும், எச்.சி.ஜி. இந்த அளவுக்கு உயர்ந்தால் தைராய்டைத் தூண்டிவிடும். இந்தப் பெண்ணின் படபடப்புக்கு அதுதான் காரணம். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில்தான் மாமியாரின் கேள்வி வந்தது.

எச்.சி.ஜி.யைச் சுரப்பது நஞ்சுக்கொடித் திசுவின் செல்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணின் ரத்தத்தில் அது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். என்னதான் கவனமாக உறிஞ்சி எடுத்தாலும் கர்ப்பப்பைச் சுவரில் சில செல்கள் எஞ்சும். அவை தானாகச் செத்தால் பீட்டா இறங்கிக்கொண்டே போகும். எட்டு, பத்து வாரத்தில் 5-க்குக் கீழே வந்துவிடும். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றுக்கு எண்பது எண்பத்தைந்து பேருக்கு இப்படித்தான் முடிகிறது; மேற்கொண்டு எந்த மருந்தும் தேவையில்லை. மீதி 15 முதல் 20 பேருக்கு எஞ்சிய செல்கள் சாகாமல் சுவருக்குள் வேர்விடுகின்றன. பகுதி வகையில் இந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. யார் எண்பதில் சேருவார், யார் இருபதில் சேருவார் என்று வீட்டுக்கு அனுப்பும் அன்று முகத்தைப் பார்த்தோ ஸ்கேனைப் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. பீட்டாதான் சொல்லும். அதற்குத்தான் வாராவாரம்.

"எல்லாருக்கும் முன்கூட்டியே ஒரு கேன்சர் ஊசி போட்டுவிட்டால் இந்த அலைச்சல் இல்லையே?" என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள். தானாகவே சரியாகப் போகிற எண்பது பேருக்கும் நஞ்சு கொடுத்ததாக ஆகும். போட்ட பிறகும் பீட்டா பார்க்காமல் விட முடியாது. அலைச்சலும் மிஞ்சும், வாய்ப்புண்ணும் மிஞ்சும்.

அவருடைய எண்களைப் பார்ப்போம். முதல் வாரம் 9,800. இரண்டாம் வாரம் 2,140. மூன்றாம் வாரம் 960. மாமியாருக்கே சந்தோஷம். லட்சத்தில் இருந்தது நூற்றுக்கு வந்துவிட்டதே!

நாங்கள் இந்த எண்களைச் சாதாரண கிராஃப் தாளில் குறிப்பதில்லை. 2,86,000-ஐத் தாளின் உச்சியில் வைத்தால், 25 சென்டிமீட்டர் உயரத் தாளில் 900 என்பது அடிக்கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. மூன்றாம் வாரத்திலிருந்து எல்லாப் புள்ளிகளும் அடிக்கோட்டில் ஒட்டிக்கொண்டு, நோய் போய்விட்டது என்று பொய் சொல்லும். அதனால் லாக் தாள். அதில் பத்திலிருந்து நூறுக்கு எவ்வளவு இடமோ, ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கும் அவ்வளவே இடம். இறங்க வேண்டிய விதத்தில் இறங்கினால் அந்தத் தாளில் கோடு சரிந்துகொண்டே போகும். எங்கே சரிவு நிற்கிறதோ அங்கே கண் தானாகப் போய் நிற்கும். கணினி வந்த பிறகும் என் வார்டில் அந்தத் தாளை நோயாளியின் கேஸ் ஷீட்டில் குத்தி வைக்கச் சொல்கிறேன். வாரம் ஒரு புள்ளியைப் பேனாவால் வைக்கும் மருத்துவர் முந்தைய புள்ளிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது.

நான்காம் வாரம் அவர் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல். ஊர்ப் பக்கத்து டவுன் லேப்பிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 1,190. அதாவது 960-லிருந்து ஏற்றம். இரண்டு நாள் கழித்து அழுதுகொண்டு வந்தார். இணையத்தில் எதையோ படித்திருந்தார். எங்கள் லேப்பில் அன்றே எடுத்தோம். 905.

டவுன் லேப் தப்பு செய்யவில்லை. எச்.சி.ஜி. ஒரே வடிவத்தில் ரத்தத்தில் இருப்பதில்லை. முழு மூலக்கூறு, உடைந்த துண்டு, பீட்டா பகுதி மட்டும் என்று கலந்து கிடக்கும், அதுவும் இந்த நோயில் உடைந்தவை அதிகம். ஒவ்வொரு கம்பெனியின் கிட்டும் இவற்றில் எதை எவ்வளவு பிடிக்கும் என்பதில் வித்தியாசம் உண்டு. அதனால் ஒரு நோயாளிக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே லேப், ஒரே மெஷின். "வர முடியலைன்னா ரெண்டு நாள் கழிச்சு வாம்மா. ஆனா வேற எங்கயும் குடுக்காதே" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

ஐந்தாம் வாரம் 880. ஆறாம் வாரம் 935.

இப்போது தாளைப் பாருங்கள். 960, 905, 880, 935. நான்கு புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மூன்று வாரக் கால அளவில் எடுத்த நான்கு அளவுகள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், அது தேங்கல். இல்லையென்றால் இரண்டு வாரத்தில் எடுத்த மூன்று அளவுகள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால், அது ஏற்றம். ஃபிகோ என்ற உலக மகப்பேறு கூட்டமைப்பு வகுத்த விதி இது. இரண்டில் எது நடந்தாலும் எஞ்சிய செல்கள் வேர்விட்டன என்று பொருள். சிகிச்சை தொடங்க வேண்டும். ஒற்றை அளவைப் பார்த்து ஊசியை எடுப்பதும் தப்பு, நான்கு சமமான அளவுகளைப் பார்த்த பிறகும் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்பதும் தப்பு. நடுவில் மறுபடி கர்ப்பமாகிவிட்டாரா என்று ஒரு ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அவருக்குப் போட்டோம். கர்ப்பம் இல்லை, கர்ப்பப்பைச் சுவருக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு ரத்த ஓட்டம் மிகுந்த ஒரு திட்டு இருந்தது.

இந்த இடத்தில் குடும்பத்தார் கேட்பது இரண்டு. "மறுபடி ஒரு தடவை சுத்தம் பண்ணிடலாமா?" சிலருக்கு அது உதவும், ஆனால் திட்டு சுவருக்குள் இருக்கும்போது சுரண்டினால் கர்ப்பப்பை ஓட்டையாகலாம், ரத்தம் கொட்டலாம். அடுத்தது, "சதை டெஸ்ட் எடுக்க வேண்டாமா?" பெரும்பாலான புற்றுநோய்களுக்குச் சதையை நுண்ணோக்கியில் பார்க்காமல் கீமோ கொடுப்பதில்லை. இந்த நோய் அதற்கு விலக்கு. பீட்டாவின் போக்கே போதும். ஊசி வைத்துச் சதை எடுக்கப் போனால் ரத்தம் கட்டுக்குள் வராது.

அடுத்த வேலை மதிப்பெண். வயது, இதற்கு முந்தைய கர்ப்பம் எந்த வகை, எத்தனை மாதம் ஆயிற்று, பீட்டா எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரிது, பரவியிருக்கிறதா, எங்கே, எத்தனை, முன்பு கொடுத்த மருந்து தோற்றதா. எல்லாவற்றுக்கும் 0, 1, 2, 4 என்று எண் உண்டு. கூட்டினால் 6 வரை குறைந்த ஆபத்து: ஒரே மருந்து போதும். 7-லிருந்து அதிக ஆபத்து: ஐந்து மருந்துக் கூட்டு. அவருடைய தாளை நிரப்பிய இளம் மருத்துவர் பீட்டா என்ற கட்டத்தில் 2,86,000 என்று எழுதி நான்கு மதிப்பெண் போட்டிருந்தார். இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். கணக்கில் எடுக்க வேண்டியது சிகிச்சை தொடங்கும் நாளின் பீட்டா. கலைப்பதற்கு முந்தையது அல்ல. 935 என்றால் பூஜ்யம். வயது, இடைவெளி, கட்டி அளவு எல்லாமே பூஜ்யம். எக்ஸ்ரே சுத்தம். மொத்தம் 0. அவருக்கு இந்தப் பிழையால் பெரிய மாற்றம் வந்திருக்காது. ஏற்கெனவே மூன்று மதிப்பெண் உள்ள ஒருவருக்கு இதே பிழை ஏழாக்கி, தேவையே இல்லாமல் தலைமுடி உதிரும் கூட்டு மருந்துக்குத் தள்ளிவிடும்.

மருந்து மெத்தோட்ரெக்சேட். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் தசையில் 50 மில்லிகிராம் ஊசி. இடையில் 2, 4, 6, 8-ஆம் நாள்களில் 15 மில்லிகிராம் லூகோவோரின் மாத்திரை. எட்டு நாள் ஒரு சுற்று. சுற்று தொடங்கிய நாளிலிருந்து பதினான்காம் நாள் அடுத்தது. மெத்தோட்ரெக்சேட் செல் பிரிவதற்குத் தேவையான ஃபோலேட் வேலையை முடக்குகிறது. வேகமாகப் பிரியும் செல் முதலில் சாகும். நஞ்சுக்கொடிச் செல் அளவுக்கு வேகமாகப் பிரிவது உடம்பில் குறைவு. ஆனால் வாய்த்தோலும் குடல்தோலும் ரத்த அணுக்களும் ஓரளவு வேகமானவைதான். அவற்றை மறுநாள் மீட்டு எடுப்பதற்குத்தான் லூகோவோரின்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. லூகோவோரினுக்கு ஃபோலினிக் ஆசிட் என்று இன்னொரு பெயர். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து ஃபோலிக் ஆசிட் கொடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் தரும் அதே மாத்திரை. பெண்ணுக்கும் சந்தேகம் வராது. மெத்தோட்ரெக்சேட் அடைத்து வைத்திருக்கும் கதவுக்கு முன்னால் நிற்பது ஃபோலிக் ஆசிட். அதால் உள்ளே போய் மீட்க முடியாது. ஃபோலினிக் ஆசிட் அடைப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் வடிவம். ஒரு சுற்றின் இறுதியில் எச்சில் விழுங்க முடியாத அளவுக்கு வாய்ப்புண்ணோடு யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது மாத்திரை அட்டையைத்தான். இப்போதெல்லாம் எட்டு நாளுக்கான மாத்திரையை வார்டிலேயே எண்ணி உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் சோதனை. இடுப்புவலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அது மெத்தோட்ரெக்சேட் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும்.

முதல் சுற்றுக்குப் பின் 212. இரண்டாவதற்குப் பின் 31. மூன்றாவதற்குப் பின் 3.

இங்கே குடும்பம் இனிப்பு வாங்கி வந்துவிட்டது. நான் நான்காம் சுற்றுக்கு நாள் குறித்தேன். "நார்மல்னு வந்துடுச்சே மேடம், இன்னும் எதுக்கு ஊசி?" இம்முறை கேட்டது கணவர். திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார்.

கைக்குத் தட்டுப்படும் ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கும். ஸ்கேனும் எக்ஸ்ரேயும் பார்ப்பது அந்த அளவை. பீட்டா அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும். ஆனாலும் அதற்கும் ஒரு தரை உண்டு. பீட்டா 5-க்குக் கீழே போன அன்றும் உடம்பில் ஒரு லட்சம் செல்கள்வரை எஞ்சியிருக்கலாம். அவற்றை விட்டுவிட்டால் மறுபடி பெருகும். எனவே பீட்டா இயல்பான பிறகும் இரண்டு மூன்று சுற்று. ஒரு சுற்று ஒரு பங்கைத்தான் கொல்லும், முழுவதையும் அல்ல. எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போகும்வரை கொடுத்தாக வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு ஒரு மனிதர் தன் வேலையை விலையாகக் கொடுத்தார். 1956-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லி என்ற சீன மருத்துவர், ராய் ஹெர்ட்ஸோடு சேர்ந்து, நஞ்சுக்கொடிச் செல்களில் எழும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிய நோயாளிக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. பரவிய திடக்கட்டி ஒன்று கீமோவால் இப்படி மறைந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சிறுநீரில் எச்.சி.ஜி. இன்னும் மிச்சம் இருந்தது. லி அதைப் பூஜ்யமாக்கும்வரை மருந்தை நிறுத்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நஞ்சு கொடுத்து நோயாளிகளைச் சோதிக்கிறார் என்று நிறுவனம் 1957-இல் அவரை வெளியேற்றியது. கட்டி மறைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது, லி கடைசிவரை கொடுத்தவர்களுக்குத் திரும்பவில்லை என்பது பின்னால் தெளிவானது. 1972-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையின் கென்னத் பேக்ஷா இதே எண்ணத்தை ஒரு நாட்டுக்கே விரித்தார். 1973 முதல் பிரிட்டனில் முத்துப்பிள்ளை வந்த பெண்களெல்லாம் ஒரு சில சிறப்பு மையங்களில் பதிவு செய்யப்பட்டு, ஒரு பெண்ணின் மாதிரிகள் தபாலில் வந்து, அவருக்குரிய மையத்தின் ஆய்வகத்திலேயே அளக்கப்படுகின்றன. ஒரே லேப் என்று நான் சீட்டில் எழுதுவது அந்த வழியில் வந்ததுதான்.

கணவரிடம் லி கதையைச் சொல்லவில்லை. "ரிசல்ட் ஐஞ்சுக்குக் கீழ பார்க்காது தம்பி, ஆனா நோய் அதுக்குக் கீழயும் இருக்கும்" என்றேன். பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. புரிந்துகொண்டார். மூன்று சுற்று கூடுதலாக முடித்தோம்.

குறைந்த ஆபத்துள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் பிழைக்கிறார்கள். முதல் மருந்து போதாமல் போகும் பெண்களும் அதில் சேர்த்தி. பீட்டா சுற்றுக்குச் சுற்று இறங்காமல் நின்றால் ஆக்டினோமைசினுக்கு மாறுகிறோம், அதுவும் போதாவிட்டால் ஐந்து மருந்துக் கூட்டு. மாற வேண்டும் என்று சொல்வதும் அதே பீட்டாதான். ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிக ஆபத்துப் பிரிவிலும் இன்று பத்தில் ஒன்பது பேர் அளவுக்குத் தேறுகிறார்கள். கல்லீரலுக்கோ மூளைக்கோ பரவியிருந்தால் அந்தக் கணக்கு குறையும். மார்புக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் வரும் புற்றுநோயில் இப்படிச் சொல்ல முடியாததும் இதில் முடிவதும் ஏன்? செல் வேகமாகப் பிரிவதால் மருந்துக்கு வேகமாகப் பலியாவது ஒன்று. அந்தச் செல்களில் பாதியோ முழுவதுமோ தகப்பனின் மரபணு. தாயின் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து எதிர்த்து, மருந்துக்குத் துணை நிற்கக்கூடும் என்று கருதப்படுகிறது. எல்லாவற்றையும்விட என் அனுபவத்தில் பெரியது மூன்றாவது: இந்தக் கட்டியால் ஒளிய முடியாது. உயிரோடு இருக்கும்வரை எச்.சி.ஜி.யைச் சுரந்து தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காட்டிக்கொடுப்பதிலும் இரண்டு ஏமாற்று உண்டு. பீட்டா பத்து லட்சத்தையும் தாண்டும்போது, சோதனைக் குழாயில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் மூழ்கிப்போய், கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். சிறுநீர் அட்டையில் கோடே விழாமல் போகலாம். கர்ப்பப்பை பெரிதாக, ஸ்கேன் முத்துப்பிள்ளையாக, சோதனை மட்டும் நெகட்டிவாக வந்தால் லேப்பைக் கூப்பிட்டு ரத்தத்தை நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். இதற்கு நேர் எதிரானது, நோயே இல்லாதவருக்கு 20, 40 என்று பல மாதம் நிற்கும் பொய்யான பீட்டா. சிலர் ரத்தத்தில் உள்ள வேறு எதிர்ப்பொருள் கிட்டை ஏமாற்றும். அது சிறுநீருக்குள் இறங்காது. ரத்தத்தில் பாசிட்டிவ், சிறுநீரில் நெகட்டிவ் என்றால் சந்தேகம் கொள்ளலாம். மாதவிடாய் நிற்கும் வயதில் மூளையின் பிட்யூட்டரியே கொஞ்சம் எச்.சி.ஜி. சுரப்பதும் உண்டு. இதைப் பார்க்காமல் கீமோ கொடுத்த, கர்ப்பப்பையையே எடுத்த கதைகள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கின்றன.

சிகிச்சை முடிந்ததிலிருந்து ஒரு வருடம், மாதம் ஒரு பீட்டா. மருந்தே தேவைப்படாத எண்பது பேருக்கு இது எளிது: வாராவாரம் எடுத்து மூன்று முறை தொடர்ந்து இயல்பாக வந்த பின், முழு வகைக்குச் சில மாதம் மாதாமாதம், பகுதி வகைக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று போதும் என்று இப்போது ஃபிகோ சொல்கிறது. அதுவரை கருத்தரிக்கக் கூடாது. புதுக் கர்ப்பம் ஆபத்து என்பதால் அல்ல. அதுவும் இதே ஹார்மோனைச் சுரந்து, திரும்பி வரும் நோயை மறைத்துவிடும். மாலா-என் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம். காப்பர்-டி மட்டும் பீட்டா இயல்பாகும்வரை வேண்டாம். ஒரு வருடம் காத்திரு என்றால் மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். "ஒரு வருஷம் கழிச்சு நல்ல பேரப்பிள்ளை" என்று நான் பேரம் பேசுவேன்.

அந்தப் பேரம் பொய்யில்லை. மறுபடி முத்துப்பிள்ளை வருவது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. மெத்தோட்ரெக்சேட் போட்டவர்களுக்கும் குழந்தைக்குக் கூடுதல் குறை வருவதாகத் தெரியவில்லை. இரண்டு முறைக்கு மேல் முத்துப்பிள்ளையே வருகிற மிகச் சிலருக்கு மரபணுக் குறை இருக்கலாம். அது தனிக் கதை. இவர் ஒன்றரை வருடம் கழித்து ஏழாம் வாரம் ஸ்கேனுக்கு வந்தார். இதயத் துடிப்பு தெரிந்தது. பிரசவமும் சிக்கலில்லாமல் முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: ஆறாம் வாரம் பீட்டா.

அதற்குக் காரணம் உண்டு. இந்த நோய் முத்துப்பிள்ளைக்குப் பின் மட்டும் வருவதில்லை. நல்ல பிரசவத்துக்குப் பின், சாதாரணக் கருச்சிதைவுக்குப் பின்னும் கோரியோகார்சினோமா வரலாம். அரிது, ஆனால் வரும். யாரும் பீட்டா பார்க்காததால் அங்கே தாமதமாகத்தான் தெரியவரும். பிரசவமாகி ஐந்து மாதம் ஆன ஒரு பெண் காசநோய்ப் பிரிவிலிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டார். இருமலில் ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரேயில் வட்ட வட்டமாக நிழல்கள், சளியில் கிருமி இல்லை, மருந்தும் கேட்கவில்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நின்றதா என்று கேட்டிருக்கிறார். நிற்கவேயில்லை. சில ரூபாய் விலையுள்ள சிறுநீர் அட்டையை வாங்கி வரச் சொல்லி நனைத்திருக்கிறார். இரண்டு கோடு. பீட்டா 1,40,000. பிரசவத்துக்கு 2, இடைவெளிக்கு 1, பீட்டாவுக்கு 4, எட்டுக்கு மேற்பட்ட நுரையீரல் திட்டுகளுக்கு 4, பதினொன்று. ஐந்து மருந்துக் கூட்டை அந்த வாரமே தொடங்கினோம். அவருடைய லாக் தாளில் முதல் புள்ளி இரண்டாவதாக வைத்த புள்ளிக்கு மேல் ஒரு கட்டம் உயரத்தில் இருந்தது. அதாவது பத்து மடங்கு இறக்கம். இருமலில் ரத்தம் அதற்குள் நின்றிருந்தது.